சீட்டுக் கம்பி: ஜவுளிக்கடை முதலாளியும் சம்பள மேனேஜரும் – வகுப்புக் கதை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் கடை வைத்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், அத்தகைய கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கும் நான் எடுக்கும் மாலை நேர மேலாண்மை வகுப்பில், முதல் மாதத்திலேயே இந்தக் கதையைப் படிக்கக் கொடுக்கிறேன். மாணவர்களும், இதைத் தங்கள் வகுப்பில் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கதையில் வரும் கடையும் மனிதர்களும் கற்பனை. தெருவும் தொழிலும் கணக்கு எழுதும் முறையும் உண்மை.

கதையை முழுதாகப் படிக்கத் தருவீர்களா?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் இருக்கும் அந்த ஜவுளிக்கடையைத் தொடங்கியவர் ராஜமாணிக்கத்தின் அப்பா. துணி மூட்டையைத் தோளில் சுமந்து, காசிமேடு வரை தெருத் தெருவாக விற்றுச் சேர்த்த காசில் பிடித்த கடை அது. ராஜமாணிக்கத்துக்கு அறுபத்திரண்டு வயதில் இதய அறுவை சிகிச்சை நடந்தது. மகன் வெளிநாட்டில் வேலையில் இருந்தான். காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொன்னதால், தி.நகரில் ஒரு பெரிய கடையில் பதினொரு ஆண்டுகள் தளப் பொறுப்பாளராக இருந்த செந்திலை மேனேஜராக அழைத்து வந்தார். மாதச் சம்பளம் 35,000 ரூபாய். அரையாண்டுக் கணக்கில் மொத்த லாபம் விற்பனையில் 18 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், விற்பனையில் 1 சதவீதம் ஊக்கத்தொகை. இவ்வளவையும் ஒரு காபி நேரத்தில் பேசி முடித்தார்கள். எதுவும் எழுதப்படவில்லை.

செந்தில் வேலையில் சேர்ந்தது ஏப்ரல் முதல் தேதி. அந்த வாரமே எல்லாச் சரக்கையும் எண்ணி, ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டுத் தொங்கவிட்டார். பில் இல்லாமல் ஒரு கைக்குட்டைகூட வாசலைத் தாண்டக் கூடாது என்று விற்பனையாட்களிடம் சொன்னார், அவர்களும் கேட்டுக்கொண்டார்கள். மூன்றாம் வாரம் முதலாளியம்மா வந்தார். தங்கை மகளுக்குக் கல்யாணம். நான்கு பட்டுப் புடவைகளையும் ஆறு வேட்டிகளையும் எடுத்து மடியில் அடுக்கிக்கொண்டார். பில் போடும் பையன் செந்திலைப் பார்த்தான்.

"நம்ம கடைக்கு நாமே பில் போடணுமா தம்பி?" என்று அந்த அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார். கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர் போன பிறகு, செந்தில் புடவைப் பெட்டியின் அட்டையில் ஒரு துண்டைக் கிழித்து, தேதியையும் உருப்படிகளையும் எழுதி, தன் மேசை இழுப்பறையில் இருந்த கம்பியில் குத்தி வைத்தார்.

மே மாதத்தில், பல ஆண்டுகளாக வந்துபோகும் காசிமேட்டுப் பெண் ஒருவர் மகளின் சடங்குக்கு ஒன்பதாயிரம் ரூபாய்க்குத் துணி எடுத்துவிட்டு, பணம் பிறகு தருவதாகச் சொன்னார். கடன் கிடையாது என்று செந்தில் மரியாதையாகவே சொல்லி அனுப்பினார். செய்தி அன்று மாலையே முதலாளிக்குப் போனது. அவர் செந்திலிடம் எதுவும் கேட்கவில்லை. கடைப் பையன் ஒருவனிடம் துணியைக் கட்டிக் கொடுத்து அந்தப் பெண்ணின் வீட்டுக்கே அனுப்பினார். ஜூலைக் கடைசியில் அந்தப் பெண் வந்து, செந்திலின் மேசையைக் கடந்து சென்று, முதலாளி முன்னால் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணி வைத்தார்.

ஆடியில் அம்மன் கோவிலுக்குப் புடவைகள் போயின. மாப்பிள்ளை வீட்டாருக்கு வேட்டி சட்டைகள் போயின. "நம்ம ஆள் ஒருத்தர் வராரு, அசலுக்கு ஒட்டிப் போட்டுக் குடுங்க தம்பி" என்று வாரம் ஒருமுறையாவது முதலாளியிடமிருந்து போன் வந்தது. கம்பி நிறைந்து, செந்தில் இரண்டாவது கம்பி வாங்கினார்.

செப்டம்பர் முடிந்ததும் இரண்டு இரவுகள் உட்கார்ந்து இருப்பு எடுத்தார்கள். இருக்க வேண்டிய சரக்கில் மூன்று லட்சம் ரூபாய் குறைந்தது. கணக்குப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி கூட்டினார். அதே தொகைதான் வந்தது. "வெளியாளை நம்பினா இப்படித்தான் மாமா" என்றார் மாப்பிள்ளை. ராஜமாணிக்கம் வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, கல்லாச் சாவியைக் காலையில கணக்குப்பிள்ளைகிட்ட ஒப்படைச்சுடுங்க" என்றார்.

செந்தில் இழுப்பறையைத் திறந்து இரண்டு கம்பிகளையும் எடுத்து அவர் முன்னால் வைத்தார். மேலே இருந்த சீட்டை ராஜமாணிக்கம் கண்ணருகே கொண்டுபோய்ப் படித்தார். 'அம்மா – பட்டு 2 – வீட்டுக்கு.' அடுத்த சீட்டிலும் அம்மா. அதற்கடுத்ததில் மாப்பிள்ளை. நான்காவதைப் படிக்காமல் நிமிர்ந்தார்.

"ஆறு மாசமா என் வீட்டையே கணக்கு எழுதிக்கிட்டு இருந்தியா?"

இதில் தவறு யாருடையது? ஒரு வரியில் சொல்ல முடியுமா?

சரக்கை எடுத்தது தவறில்லை. எடுத்ததைக் கடைக் கணக்கில் ஏற்றாமல் விட்டதும், அதே கணக்கை வைத்து இன்னொருவரின் நேர்மையை அளந்ததும் தவறு. இதில் முதல் பாதிக்கு முதலாளி குடும்பத்தோடு செந்திலும் பொறுப்பு. இரண்டாம் பாதிக்கு முதலாளி மட்டுமே பொறுப்பு.

அவர் கடை, அவர் சரக்கு. வீட்டுக்கு எடுத்துப் போனால் மேனேஜருக்கு என்ன நஷ்டம்?

வகுப்பில் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இதுதான், கோபமாகவே கேட்பார்கள். ராஜமாணிக்கத்தின் கடை தனியாள் வணிகம். சட்டத்தின் பார்வையில் கடையும் அவரும் ஒருவரே என்பதால், அவர் எடுப்பது திருட்டு ஆகாது. யாருடைய அனுமதியும் அதற்குத் தேவையில்லை. ஆனால் கணக்கியல் கடையைத் தனி ஆளாகவும் உரிமையாளரைத் தனி ஆளாகவும் பிரித்துப் பார்க்கிறது. உரிமையாளர் சொந்த உபயோகத்துக்கு எடுக்கும் ரொக்கத்துக்கும் சரக்குக்கும் பதினோராம் வகுப்புப் பாடத்திலேயே 'எடுப்புகள்' என்று பெயர் உண்டு. எடுத்த சரக்கை அசல் விலையில் கொள்முதலிலிருந்து கழித்து, அதே தொகையை உரிமையாளரின் மூலதனத்திலிருந்தும் குறைக்க வேண்டும்.

இந்த ஒரு பதிவை எழுதாமல் விட்டால், வீட்டுக்குப் போன பட்டுப் புடவை கணக்கில் 'விற்ற சரக்கின் அடக்கம்' என்ற தலைப்புக்குள் போய் விழுகிறது. கடை அதை விற்றது போலவும், ஆனால் ஒரு ரூபாய்கூட வாங்காதது போலவும் ஏடு காட்டும். மொத்த லாபம் குறையும். முதலாளியைப் பொறுத்தவரை, ஒரு பையில் இருந்ததை எடுத்து இன்னொரு பையில் போட்டிருக்கிறார். மொத்தத்தில் அவருக்கு எதுவும் குறையவில்லை. மொத்த லாபத்தைக் கொண்டே ஊக்கத்தொகையும் நற்பெயரும் அளக்கப்படும் மேனேஜருக்குத்தான் அந்தக் குறைவு முழுவதும் போய்ச் சேர்கிறது. ஒரே புடவை ஒருவருக்குச் சீராகவும் இன்னொருவருக்குக் களங்கமாகவும் ஆவது இந்த இடத்தில்தான். இந்தக் கதையை நான் எழுதியதே இந்த ஒரு விஷயத்துக்காக.

வரிக் கணக்கிலும் இதற்கு ஒரு தொடர்பு உண்டு. 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் ஜி.எஸ்.டி.யில், வியாபாரத்துக்கென வாங்கிய சரக்கைச் சொந்த உபயோகத்துக்கோ அன்பளிப்பாகவோ கொடுத்தால், வாங்கியபோது கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். எழுதாத சீட்டு அங்கேயும் பிழையாகிறது.

மூன்று லட்சம் எங்கேதான் போனது? கணக்கைப் புரியும்படி சொல்லுங்கள்.

ஏப்ரல் முதல் தேதி இருப்பு 40 லட்சம். ஆறு மாதக் கொள்முதல் 65 லட்சம். ஆக, விற்பனைக்கு இருந்த சரக்கு 105 லட்சம். விற்பனை 75 லட்சம். இந்தக் கடை வழக்கமாக விற்பனையில் 20 சதவீதம் மொத்த லாபம் வைத்து விலை போடுகிறது. அதன்படி விற்ற சரக்கின் அடக்கம் 60 லட்சமாக இருக்க வேண்டும், கையில் 45 லட்சத்துக்குச் சரக்கு மிஞ்ச வேண்டும். எண்ணியபோது இருந்தது 42 லட்சம். அதனால் மொத்த லாபம் 15 லட்சத்துக்குப் பதில் 12 லட்சமாகி, விற்பனையில் 16 சதவீதத்துக்கு இறங்கியது.

கம்பியில் இருந்த சீட்டுகளை அசல் விலையில் கூட்டினால் 2,20,000 ரூபாய் வருகிறது. இதை மட்டும் எடுப்புகளாக மாற்றி எழுதினாலே மொத்த லாபம் 14,20,000 ஆகிறது. அது விற்பனையில் ஏறத்தாழ 18.9 சதவீதம். பேசிய 18 சதவீதத்தைக் கடை தாண்டியிருக்கிறது. செந்திலுக்கு 75,000 ரூபாய் கொடுக்க வேண்டிய இரவில்தான் அவரிடம் சாவியைக் கேட்டார்கள்.

மிச்சம் 80,000. இதில் பாதியைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். முதலாளி போனில் சொல்லி அனுப்பிய 'நம்ம ஆட்கள்' வாங்கியது, வழக்கமான விலையில் 3 லட்சம் பெறுமான துணி. அதன் அடக்கம் 2,40,000. அவர்களிடம் வாங்கியது 2,50,000. நாம் 20 சதவீத லாபம் என்று வைத்துக் கணக்குப் போடும்போது, அந்த 2,50,000 விற்பனைக்கு 2 லட்சம் ரூபாய்ச் சரக்குத்தான் வெளியே போயிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் போனது 2,40,000. இந்த 40,000 ரூபாய்ச் சரக்கு களவு போகவில்லை. தள்ளுபடி கொடுத்ததை மறந்துவிட்டுப் போட்ட மதிப்பீட்டின் பிழை அது.

கடைசி 40,000-க்கு யாரிடமும் பதில் இல்லை. மீட்டரில் வெட்டும்போது கூடுதலாகப் போன துணி, கறை பட்டு ஒதுக்கியது, எண்ணிக்கைப் பிழை, சில்லறைத் திருட்டு என்று எதுவாகவும் இருக்கலாம். விற்பனையில் அரை சதவீதத்தைச் சற்றே தாண்டும் இந்தத் தொகையை நான் வேண்டுமென்றேதான் விட்டுவைத்தேன். எல்லாமே சீட்டில் சரியாகி, செந்தில் மாசற்றவராக வெளியே வந்தால், மாணவர்கள் அவர் பக்கம் சாய்ந்துவிட்டு யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். சாவியைக் கேட்பதற்கு ஒரு முதலாளிக்கு நாற்பதாயிரம் போதுமான காரணமா என்பது நேர்மையான கேள்வி.

காசிமேட்டுப் பெண் வரும் பகுதி எதற்கு? கதையை விட்டு விலகிப் போகிறதே.

அதை எடுத்துவிட்டால், படித்த மேனேஜர், படிக்காத முதலாளி என்ற பொய்யான கதை மட்டும் மிஞ்சும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகளின் மீன்பிடிப்புக்குத் தடை உண்டு. அந்த நாட்களில் காசிமேட்டில் பல வீடுகளில் கையிருப்பு வற்றிவிடும். தடை முடிந்து படகுகள் கடலுக்குப் போய்ச் சில வாரம் ஆனதும் பழைய கடன்கள் அடைபடத் தொடங்கும். இது ராஜமாணிக்கத்துக்கு அப்பா காலத்திலிருந்தே தெரியும். மே மாதத்தில் 'கடன் இல்லை' என்பதற்கும் நவம்பரில் அதையே சொல்வதற்கும் எம்.சி. ரோட்டில் பொருள் வேறு. தி.நகர் கடையில் முன்பின் தெரியாத கூட்டத்துக்கு விற்றுப் பழகிய செந்திலுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

முதலாளியின் முடிவு சரி. அதை அவர் நடத்திய விதம்தான் கடையைக் கெடுத்தது. செந்திலைக் கூப்பிட்டு, "தடைக் காலம் தம்பி, இந்த வீட்டுக்குப் பத்தாயிரம் வரைக்கும் தரலாம், ஆடிக்குள்ள வந்துடும்" என்று இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால், நாற்பது ஆண்டு அனுபவம் மேனேஜரின் கைக்கு மாறியிருக்கும். பையன் மூலம் துணியை அனுப்பியதால், மேனேஜர் சொல்வது கடைசிச் சொல் இல்லை என்று கடையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஜூலையில் அந்தப் பெண் செந்திலின் மேசையைத் தாண்டிப் போவதை மாணவர்கள் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகிறார்கள். அன்றைக்கே மேனேஜர் பதவி பாதி போய்விட்டது.

முதல் மாதமே சீட்டுகளைக் காட்டியிருந்தால் பிரச்சினையே வந்திருக்காதே, செந்தில் ஏன் காட்டவில்லை?

காட்டியிருக்க வேண்டும். இந்த இடத்தில் நான் செந்திலுக்காக வாதாட மாட்டேன். மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துப் பேரேட்டில் ஏற்றும் சீட்டு, கடையின் ஆவணம். அதே சீட்டு இழுப்பறைக்குள் ஆறு மாதம் கிடந்தால், ஒருநாள் எடுத்து வீச வைத்திருந்த கல்லாகத்தான் முதலாளியின் கண்ணுக்குப் படும். எழுதியிருந்தது ஒன்றே, வைத்திருந்த இடம் அதன் பொருளை மாற்றிவிட்டது.

என் அப்பா இதே பகுதியில் ஒரு கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர் என்பதால், செந்தில் வாய் திறக்காததன் காரணமும் எனக்குத் தெரியும். முதலாளியின் மனைவி எடுத்ததை முதலாளியிடம் சொல்வது, சம்பளக்காரர் ஒரு குடும்பத்தின் அடுப்படிக்குள் கால் வைப்பது போன்றது. அப்பா இத்தகைய தொகைகளைப் 'பலவகைச் செலவு' என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து தூங்காமல் கிடப்பார். லாபத்தில் பங்கு பேசாத கணக்குப்பிள்ளைக்கு அது முடிந்தது. செந்திலுக்கு முடியாது.

கடைசி வரியில் முதலாளி 'நீங்க' என்பதை விட்டு 'நீ'க்கு மாறுகிறார். வேண்டுமென்றே எழுதியதா?

ஆம். ஆறு மாதமும் "குடுங்க", "ஒப்படைச்சுடுங்க" என்றவர், சாவியைக் கேட்டபோதுகூட மரியாதை குறையாதவர், சீட்டைப் படித்த பிறகுதான் "இருந்தியா" என்கிறார். சரக்குக் குறைந்ததை அவரால் தாங்க முடிந்தது. வீடு ஏட்டில் ஏறியதைத் தாங்க முடியவில்லை. அந்த ஒரு விகுதியைக் கவனித்த மாணவருக்கு மற்றதை நான் விளக்க வேண்டியிருப்பதில்லை.

முதன்மையர்–முகவர் கோட்பாட்டுக்கு இதை உதாரணமாகத் தேர்வில் எழுதலாமா?

எழுதலாம்; ஆனால் திசையைச் சரியாகச் சொல்ல வேண்டும். 1976-இல் மைக்கேல் ஜென்சனும் வில்லியம் மெக்லிங்கும் எழுதிய கட்டுரை, பிறர் பணத்தைக் கையாளும் நிர்வாகி தன் நலனைப் பார்த்துக்கொள்வதால் உரிமையாளருக்கு ஏற்படும் இழப்பையும், அதைத் தடுக்க ஆகும் கண்காணிப்புச் செலவையும், நிர்வாகி தன் நேர்மையை உறுதிப்படுத்தச் செய்யும் செலவையும் பேசுகிறது. நம் கதையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருப்பு எடுப்பது கண்காணிப்பு. சீட்டுக் கம்பி, செந்தில் தன் நேர்மைக்குத் தேடிக்கொண்ட சான்று. ஆனால் பேசிய பேச்சை மீறிய செயல்கள் பெரும்பாலும் முகவரான செந்திலிடமிருந்து வரவில்லை. முதலாளியின் பாசத்திலிருந்து வந்தன. உறவுக்குக் கொடுக்கும் தாராளத்தின் விலையை, உறவில்லாத ஒருவரின் ஊக்கத்தொகை சுமந்தது. இதை எழுதாமல், 'மேனேஜரைக் கண்காணிக்க வேண்டும்' என்று மட்டும் முடிக்கும் விடைக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

வகுப்பில் நடத்த எவ்வளவு நேரம் ஆகும்?

ஒன்றரை மணி நேரம் போதும். கணக்கு எண்களை முதலில் கொடுக்காதீர்கள். கதையை மட்டும் படித்துவிட்டு, சாவியை வாங்கலாமா கூடாதா என்று எழுதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகு எண்களைக் கொடுங்கள்.

அந்த இரவுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து வேலை செய்ய முடியுமா? என்ன உடன்பாடு வேண்டும்?

முடியும் என்றே நினைக்கிறேன், மூன்று ஏற்பாடுகளை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டால்.

பேரேட்டில் 'வீட்டுக் கணக்கு' என்று ஒரு பக்கம் திறக்க வேண்டும். குடும்பத்தார் எடுப்பதற்குத் தடையோ உச்சவரம்போ வேண்டாம். அப்படி வைத்தால் முதல் வாரமே உடையும். எடுத்ததை எழுதும் வேலை மேனேஜருடையதாகவும் இருக்கக் கூடாது, ஏனென்றால் எழுதாவிட்டால் அவருக்கு நஷ்டம், எழுதினால் பகை. கணக்குப்பிள்ளை எழுதி, மாதம் ஒருமுறை முதலாளியிடம் மட்டும் காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும். அந்தப் பக்கம் செந்தில் கண்ணில் படவே தேவையில்லை. கூட்டுத்தொகை மட்டும் அவருக்குப் போதும்.

கடன் கொடுக்கத்தக்க வீடுகளின் பட்டியலை முதலாளி தன் கையால் எழுதித் தர வேண்டும்: பெயர், எவ்வளவு வரை, எந்த மாதம் திரும்பும். அவருடைய அறிவு அவரோடு மட்டும் இருக்கும் வரை மேனேஜரால் கடையை நடத்த முடியாது. பட்டியலில் இல்லாதவருக்குக் கொடுக்க முதலாளி விரும்பினால், கொடுக்கும் கை செந்திலுடையதாக இருக்க வேண்டும். போனில் சொல்லும் தள்ளுபடிக்கும் இதுதான் முறை. பில்லில் முழு விலையைப் போட்டு, 'முதலாளி தள்ளுபடி' என்று தனி வரியில் கழித்தால், ஊக்கத்தொகைக் கணக்கில் அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம்.

இருப்பு எடுப்பதை அரையாண்டுக்கு ஒருமுறை என்று வைக்காமல், வாரத்துக்கு ஓர் அலமாரியாக எண்ண வேண்டும். மூன்று லட்சமாகத் திரண்டு வரும் குறைவுக்கு ஒரு திருடன் தேவைப்படுகிறான். ஒரு வாரத்தில் தெரியவரும் நான்கு புடவைகளுக்கு, "போன செவ்வாய்க்கிழமை அம்மா வந்திருந்தாங்க" என்ற நினைவே போதும்.

ஏற்பாடு உடைவதற்கான அறிகுறியும் உண்டு. முதல் இரண்டு மாதம் வீட்டுக் கணக்குப் பக்கம் நிறைந்துகொண்டே போகும். பிறகு ஒருநாள் வெறுமையாகிவிடும். அலமாரி எண்ணிக்கையும் சரியாக இருந்தால் அந்த வெறுமையில் கவலைப்பட ஒன்றுமில்லை. பக்கம் வெறுமையாகவும் அலமாரி குறைவாகவும் இருந்தால், வீட்டார் மறுபடி எழுதாமல் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், அல்லது கடையில் யாரோ அந்த வழக்கத்தின் நிழலில் எடுக்கிறார்கள். அன்றைக்கு இழுப்பறையில் புதிதாக ஒரு கம்பி வாங்கி வைக்காமல், முதலாளியின் வீட்டுக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்து பேச வேண்டியது செந்தில்தான்.